கான்கிரீட் டோமின் சுய எடையும் மெம்பரேன் தகைவுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோம் என்றாலே எல்லாம் அழுத்தத்தில்தான் இருக்கும் என்று படித்தேன். அப்புறம் கம்பி எதற்கு?

பாதி உண்மை அது. உச்சியிலிருந்து விளிம்பை நோக்கி இறங்கும் திசையில், சுய எடையின் கீழ், டோம் எப்போதும் அழுத்தத்தில்தான் இருக்கிறது. ஆனால் டோமைச் சுற்றி வளையமாகப் போகும் திசை வேறு கதை. மேல்பகுதியில் அந்த வளையங்கள் அழுத்தத்தில் இருக்கும், கீழே போகப்போக அழுத்தம் குறைந்து ஒரு கட்டத்தில் பூஜ்யமாகி, அதற்கும் கீழே இழுவிசையாக மாறிவிடும். டோமை அந்த இடத்துக்கு மேலேயே வெட்டி நிறுத்திவிட்டால் (தட்டையான டோம்கள் எல்லாம் இப்படித்தான்) ஓட்டுக்குள் இழுவிசை வராது, ஆனால் அது எங்கும் மறைந்துபோகவில்லை, விளிம்பில் உள்ள ரிங் பீமுக்குள் மொத்தமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. கம்பி அதற்குத்தான்.

மெரிடியனல் விசை, ஹூப் விசை: எது எது என்று எப்போதும் குழம்புகிறது.

பூகோள உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். துருவத்திலிருந்து இறங்கும் தீர்க்கரேகை வழியாகப் போவது மெரிடியனல் விசை. அட்சரேகை வழியாகச் சுற்றிப் போவது ஹூப் விசை. இரண்டையுமே ஒரு மீட்டர் அகலத்துக்கு இத்தனை கிலோநியூட்டன் என்று அளக்கிறோம்.

ஆரஞ்சுப் பழத்தைச் சுளை சுளையாகப் பிரித்து நிற்க வைத்தது போல டோமைக் கற்பனை செய்தால் ஹூப் விசை ஏன் வருகிறது என்பது தெளிவாகிவிடும். ஒவ்வொரு சுளையும் தனியாக நின்றால், மேல்பாதி உள்ளே சரியப் பார்க்கும், கீழ்ப்பாதி வெளியே பிதுங்கப் பார்க்கும். மேலே சரிய விடாமல் பக்கத்துச் சுளைகள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடிக்கின்றன, அது ஹூப் அழுத்தம். கீழே பிதுங்க விடாமல் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்க வேண்டும், அது ஹூப் இழுவிசை. கான்கிரீட்டுக்கு நெருக்குவது பிடிக்கும், இழுப்பது பிடிக்காது.

சூத்திரம் எங்கிருந்து வருகிறது? மனப்பாடம் செய்யாமல் வருவிக்க முடியுமா?

இரண்டே சமநிலை போதும். டோமின் ஆரம் R, ஒரு சதுர மீட்டர் ஓட்டின் எடை w, உச்சியிலிருந்து அளக்கும் கோணம் φ என்று வைத்துக்கொள்வோம். φ கோணத்தில் டோமைக் கிடைமட்டமாக வெட்டினால், மேலே இருக்கும் தொப்பியின் பரப்பு `2πR²(1 − cos φ)`. அதன் எடை முழுவதையும் வெட்டின் சுற்றளவு நெடுக மெரிடியனல் விசையின் செங்குத்துக் கூறு தாங்க வேண்டும். அவ்வளவுதான், முதல் சூத்திரம் கிடைத்துவிட்டது.

இரண்டாவது, ஓட்டுக்குச் செங்குத்தான திசையில் சமநிலை. மெரிடியனல் விசை Nφ, ஹூப் விசை Nθ இரண்டும் வளைந்த பரப்பில் இருப்பதால் அவை சேர்ந்து `(Nφ + Nθ)/R` அளவுக்கு வெளிப்பக்கமாகத் தள்ளுகின்றன, எடையின் உட்புறக் கூறான `w cos φ` அதற்கு ஈடாக வேண்டும்.

```
Nφ = wR / (1 + cos φ)
Nθ = wR cos φ − Nφ
   = wR [cos φ − 1/(1 + cos φ)]
(அழுத்தம் +, இழுவிசை −)
```

உச்சியில் இரண்டும் சமம், wR/2. அரைக்கோளத்தின் அடியில், அதாவது φ = 90° என்றால், மெரிடியனல் wR அழுத்தம், ஹூப் அதே wR, ஆனால் இழுவிசை. இந்த மூன்று மதிப்புகள் நினைவில் இருந்தால் கணக்கில் குறி தவறியதைப் பெரும்பாலும் உடனே பிடித்துவிடலாம்.

கவனியுங்கள், இதில் வளைதிருப்பம் எங்குமே இல்லை. ஓடு மெலிதானது, விசையெல்லாம் அதன் தளத்துக்குள்ளேயே போகிறது என்ற அனுமானம்தான் மெம்பரேன் கோட்பாடு. டோமின் பெரும்பகுதிக்கு அது நன்றாகவே பொருந்தும். எங்கே பொருந்தாது என்பது கீழே வருகிறது.

ஒரு முழு உதாரணம் எண்களோடு காட்ட முடியுமா?

20 மீட்டர் விட்டம், 4 மீட்டர் உயரம், 100 மி.மீ. தடிமன் உள்ள ஒரு டோமை எடுத்துக்கொள்வோம். கான்கிரீட்டின் எடை கன மீட்டருக்கு 25 கிலோநியூட்டன், ஆகவே w சதுர மீட்டருக்கு 2.5.

```
R     = (10² + 4²) / (2 × 4) = 14.5 m
cos φ = 10.5 / 14.5 = 0.724   (φ ≈ 43.6°)
wR    = 2.5 × 14.5 = 36.25 kN/m

உச்சி    : Nφ = Nθ = 18.1 kN/m
விளிம்பு : Nφ = 36.25 / 1.724 = 21.0 kN/m
           Nθ = 36.25 × 0.724 − 21.0 = 5.2 kN/m
```

எல்லாமே அழுத்தம். 100 மி.மீ. தடிமனால் வகுத்தால் அதிகபட்சத் தகைவு சதுர மி.மீட்டருக்கு 0.21 நியூட்டன். சாதாரணக் கான்கிரீட்டே 25 தாங்கும் என்னும்போது இது ஒன்றுமே இல்லை.

இந்தச் சரிபார்ப்பைத் தவிர்க்காதீர்கள்: டோமின் மொத்தப் பரப்பு `2πRh`, அதாவது 364 சதுர மீட்டர், எடை 911 கிலோநியூட்டன். விளிம்பில் 21.0 என்ற மெரிடியனல் விசையின் செங்குத்துக் கூறை 62.8 மீட்டர் சுற்றளவால் பெருக்கினாலும் அதே 911 வர வேண்டும். வரவில்லை என்றால் பெரும்பாலும் கோணத்தை உச்சியிலிருந்து அளக்காமல் அடியிலிருந்து அளந்திருப்பீர்கள்.

தகைவு இவ்வளவு குறைவு என்றால், தடிமனைக் கூட்டினால் இன்னும் குறையுமா?

குறையாது. எடையும் தடிமனோடு சேர்ந்தே கூடுகிறது, வகுக்கும்போது தடிமன் அடிபட்டுப் போய்விடுகிறது. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை γ, தடிமன் t என்றால், சுய எடைக்கான மெரிடியனல் தகைவு `γR/(1 + cos φ)`, அதில் t என்ற எழுத்தே கிடையாது. 100 மி.மீ. டோமுக்கும் 300 மி.மீ. டோமுக்கும் அதே 0.21 தான். ஆனால் ரிங் பீமுக்குப் போகும் இழுவிசை மும்மடங்காகிவிடும். "பாதுகாப்புக்காக" ஓடு முழுவதையும் கனமாக்குவது இந்தக் காரணத்தால்தான் தவறான திசையில் போவது.

51.8° என்ற கோணம் எல்லா இடத்திலும் வருகிறதே, அது என்ன?

ஹூப் விசை பூஜ்யமாகும் இடம். மேலே உள்ள சூத்திரத்தில் Nθ = 0 என்று வைத்தால் `cos²φ + cos φ − 1 = 0` கிடைக்கும், அதற்கு விடை cos φ = 0.618, அதாவது φ = 51.8°. ஆரம், தடிமன், பொருள் எது மாறினாலும் இந்தக் கோணம் மாறாது, தடிமன் எங்கும் ஒரே அளவாக இருந்து சுமை சுய எடை மட்டுமாக இருக்கும் வரை.

லைவ் லோடு, பனி போன்றவை தரைப்பரப்பின் அளவில் கணக்கிடப்படுவதால் அவற்றுக்கு இந்தக் கோணம் 45° ஆகிவிடும், தரைப்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கான சுமை q என்றால் `Nθ = (qR/2) cos 2φ` என்பதுதான் அங்கே சூத்திரம். இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டுங்கள், கலக்க வேண்டாம்.

என் டோம் 43.6° தான், ஓட்டில் இழுவிசையே இல்லை. ரிங் பீமில் மட்டும் ஏன் இவ்வளவு கம்பி போடச் சொல்கிறார்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிட விரும்புகிறேன்.

விளிம்பில் மெரிடியனல் விசை சாய்வாக வந்து இறங்குகிறது. அதன் செங்குத்துக் கூறைச் சுவர் வாங்கிக்கொள்ளும். கிடைமட்டக் கூறு, அதாவது `21.0 × 0.724 = 15.2` கிலோநியூட்டன், ஒவ்வொரு மீட்டரிலும் வெளியே தள்ளுகிறது. சுற்றிலும் ஒரே அளவாக வெளியே தள்ளப்படும் வளையத்துக்குள் உண்டாகும் இழுவிசை என்பது தள்ளும் விசையை ஆரத்தால் பெருக்கியது: 15.2 × 10, ஏறக்குறைய 152 கிலோநியூட்டன்.

இப்போது இதைப் பாருங்கள். ஓட்டில் உள்ள ஹூப் அழுத்தம் முழுவதையும், உச்சியிலிருந்து விளிம்பு வரை ஒரு மெரிடியன் நெடுகக் கூட்டினால் என்ன வரும்?

```
∫ Nθ R dφ = wR² [sin φ − tan(φ/2)]
          = 525.6 × (0.690 − 0.400)
          = 152 kN
```

அதே 152. தற்செயல் இல்லை. டோமை உச்சி வழியாகச் செங்குத்தாக இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை மட்டும் பார்த்தால், சுவர் செங்குத்தாக மட்டுமே தாங்குகிறது என்பதால் கிடைமட்ட விசைகள் தங்களுக்குள்ளேயே சரிக்கட்டியாக வேண்டும், பிளந்த முகத்தில் இருப்பது ஓட்டின் ஹூப் அழுத்தமும் ரிங் பீமின் இழுவிசையும் மட்டும்தான். ஆகவே மேலே எவ்வளவு நெருக்கமோ கீழே அவ்வளவு இழுப்பு, ஒரு நியூட்டன்கூடக் குறையாது. 10 மீட்டர் ஆரமுள்ள அரைக்கோளத்தில், அதே 100 மி.மீ. தடிமனுக்கு, 51.8°க்கு மேலே மொத்த ஹூப் அழுத்தம் 75 கிலோநியூட்டன், கீழே மொத்த இழுவிசை அதே 75. அங்கே ரிங் பீம் தேவைப்படாதது போலத் தெரிவதற்குக் காரணம், அந்த இழுவிசையை ஓட்டின் கீழ்ப்பகுதியே பரவலாக ஏற்றுக்கொள்வதுதான்.

கம்பிக் கணக்கு: கம்பியில் தகைவை 150 நியூட்டனுக்குள் வைத்தால் 152,000 / 150, சுமார் 1,015 சதுர மி.மீ. 16 மி.மீ. கம்பி ஆறு. இது சுய எடைக்கு மட்டும். சதுர மீட்டருக்கு 0.75 கிலோநியூட்டன் லைவ் லோடு சேர்த்தால் இன்னும் 39 கிலோநியூட்டன் கூடும், கம்பி ஏழாகும்.

கம்பி 230 நியூட்டன் வரை தாங்குமே, 150க்கு ஏன் நிறுத்த வேண்டும்?

வலிமைக்காக இல்லை, நீட்சிக்காக. இதே டோமில் ரிங் பீம் 300 × 400 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கான்கிரீட் விரிசல் விடாமல் இருந்தால் 152 கிலோநியூட்டனுக்கு வளையத்தின் ஆரம் சுமார் அரை மி.மீ. கூடும். ஓடோ தன் ஹூப் அழுத்தத்தால் உள்ளே சுருங்கப் பார்க்கிறது, அளவு மிகச் சிறியது, ஒரு மி.மீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆக ஓட்டின் விளிம்பும் பீமும் அரை மி.மீ. தூரம் பிரிய விரும்புகின்றன, ஆனால் சேர்த்து வார்க்கப்பட்டிருப்பதால் பிரிய முடியாது.

பீம் முழுக்க விரிசல் விட்டு இழுவிசை முழுவதும் கம்பிக்கே வந்துவிட்டால்? ஆறு கம்பியில் தகைவு 126, ஆரம் 6 மி.மீ. வரை கூடலாம். விரிசல்களுக்கு இடையே உள்ள கான்கிரீட் கொஞ்சம் உதவும் என்பதால் நடைமுறையில் அதைவிடக் குறையும், ஆனாலும் அரை மி.மீ. எங்கே, இது எங்கே. அதனால்தான் பீமின் குறுக்குப்பரப்பைத் தாராளமாக வைத்து, கான்கிரீட்டின் சராசரி இழுதகைவையும் பார்க்கச் சொல்வது. 300 × 400க்கு அது 1.27, பரவாயில்லை. 300 × 300 என்றால் 1.7 ஆகிறது, சாதாரணக் கான்கிரீட்டின் நேரடி இழுவலிமைக்கு மிக அருகில் போய்விட்டோம்.

பெரிய டோம்களில் ரிங் பீமை முன்தகைவு செய்வதும் இதே காரணத்துக்குத்தான், பீமை முன்கூட்டியே உள்நோக்கிச் சுருக்கிவிட்டால் இந்தப் பொருந்தாமை போய்விடும்.

மெம்பரேன் கோட்பாடு விளிம்பில் பொய்த்துவிடும் என்கிறார்களே, எவ்வளவு தூரத்துக்கு?

மேலே சொன்ன அந்த அரை மி.மீ. பொருந்தாமைதான் அங்கே நடக்கும் எல்லாவற்றுக்கும் மூலம். பீம் ஓட்டின் விளிம்பைத் தன்னோடு வெளியே இழுக்கிறது. அதனால் ஓட்டில் வளைதிருப்பம் வருகிறது, அதோடு விளிம்பருகே ஹூப் அழுத்தம் அழிந்து இழுவிசையாகவே மாறிவிடுகிறது. சூத்திரம் அந்த இடத்தில் 5.2 அழுத்தம் என்று சொல்லிக்கொண்டிருக்கும், அதை நம்பி அங்கே ஹூப் கம்பியைக் குறைத்துவிடக் கூடாது.

நல்ல செய்தி என்னவென்றால் இந்தக் கலக்கம் வேகமாக அடங்கிவிடும். விளிம்பிலிருந்து ஓட்டின் வழியாக சுமார் `2.4√(Rt)` தூரத்தில் அது நான்கைந்து சதவீதமாகக் குறைந்துவிடும். நம் டோமுக்கு √(14.5 × 0.1) = 1.2, ஆக 2.9 மீட்டர். அந்தப் பட்டையில் மட்டும் ஓட்டை 100லிருந்து 150 அல்லது 200 மி.மீ. வரை படிப்படியாகத் தடிமனாக்கி, மேலும் கீழும் இரண்டு அடுக்குக் கம்பி போட்டால் போதும். அதற்கு மேலே நடுவில் ஒரே வலை, இரண்டு திசையிலும் குறைந்தபட்சக் கம்பி. அந்தக் கம்பி சுருக்கத்துக்கும் வெப்ப மாற்றத்துக்கும்தான், எடைக்காக அல்ல.

விரிசலைப் பார்த்து என்ன கோளாறு என்று சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும், விரிசல் ஓடும் திசைதான் சாட்சி. விளிம்பிலிருந்து உச்சியை நோக்கி ஏறும் விரிசல் என்றால் ஹூப் இழுவிசை. விளிம்புக்கு இணையாகச் சுற்றி ஓடும் விரிசல் என்றால் வளைதிருப்பம், அது பெரும்பாலும் ரிங் பீமிலிருந்து ஒன்றிரண்டு மீட்டருக்குள்தான் இருக்கும்.

நான் பார்க்கப் போன ஒரு டோமில் விளிம்பைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் பல இருந்தன, அவை பிரச்சினை இல்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஒரு விரிசல், ரிங் பீமை முழு உயரத்துக்கும் பிளந்து, ஓட்டுக்குள் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் ஏறியிருந்தது. அடியில் அகலம், மேலே போகப்போக ஊசி முனை. கவர் கான்கிரீட்டைக் கொத்திப் பார்த்தபோது, பீமின் எல்லாக் கம்பிகளுக்கும் லேப், அதாவது ஒரு கம்பியின் முனையோடு அடுத்த கம்பி சேர்ந்து படியும் இணைப்பு, ஒரே இடத்தில் விழுந்திருந்தது. கம்பியின் எண்ணிக்கை சரி, விட்டம் சரி, வரைபடத்தில் லேப்பைத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும் என்ற ஒரு வரி மட்டும் இல்லை. ரிங் பீம் என்பது முழுக்க இழுவிசையில் இருக்கும் உறுப்பு, அதில் வலு குறைந்த பகுதி என்று ஒன்று எங்குமே இருக்கக் கூடாது.

கம்பியே இல்லாத பழைய டோம்களிலும் இதே ஏறும் விரிசல்கள்தான். ரோமின் பாந்தியன், கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கட்டடம், உள்விட்டம் 43 மீட்டருக்கும் சற்று அதிகம், அதன் கீழ்ப்பகுதியில் மெரிடியன் வழியாக விரிசல்கள் இருக்கின்றன, ஆனாலும் நிற்கிறது. விரிசல் விட்டதும் டோம் சுளைகளாகப் பிரிந்து ஒவ்வொன்றும் வளைவு போல வேலை செய்யத் தொடங்கும், அப்போது அடியில் வெளித்தள்ளு விசை வரும், அதைத் தாங்க அங்கே கனத்த சுவர் இருக்கிறது. ரோமின் புனித பேதுரு பேராலய டோமில் அதே வகை விரிசல்கள் கவலை தந்தபோது 1740களில் பொலேனி என்ற கணித அறிஞர் அதை ஆராய்ந்தார், சுற்றிலும் இரும்பு வளையங்கள் கூடுதலாகப் போடப்பட்டன.

உச்சியில் வெளிச்சத்துக்காக ஒரு வட்டத் துளை விட்டால் என்ன ஆகும்?

துளையின் ஓரத்தில் மெரிடியனல் விசை பூஜ்யம், பிடித்துக்கொள்ள மேலே எதுவும் இல்லை. அப்போது `Nθ = wR cos φ`, அதாவது சிறிய துளைக்கு ஹூப் அழுத்தம் துளையில்லாத உச்சியில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அழுத்தம்தான் என்பதால் கவலை இல்லை. ஓரத்தில் ஒரு தடித்த வளையம் வையுங்கள், அதன் எடையையும் மேலே வரும் மூடியின் எடையையும் வட்ட விளிம்புச் சுமையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

0.21 தான் தகைவு என்றால் 40 மி.மீ. ஓடே போதாதா?

தகைவுக்குப் போதும். ஆனால் இரண்டு திசைக் கம்பி, இரண்டு பக்கமும் கவர் என்று வைத்தாலே 70, 75 மி.மீ. ஆகிவிடும். அடுத்தது பக்ளிங், அதாவது மெலிந்த ஓடு அழுத்தத்தில் திடீரென உள்ளே மடிந்துபோவது. முழுமையான கோள ஓட்டுக்குக் கணக்கு சொல்லும் எல்லைச் சுமை `1.15 E (t/R)²`. நம் டோமுக்கு, கான்கிரீட்டின் மீள்மைக் குணகம் E சதுர மி.மீட்டருக்கு 25,000 நியூட்டன் என்றால், அது சதுர மீட்டருக்கு சுமார் 1,370 கிலோநியூட்டன். உண்மையான ஓட்டில் வடிவப் பிசகு, தவழ்தல், விரிசல் எல்லாம் இருப்பதால் இதை இருபதால் வகுத்துப் பார்த்தாலும் கிட்டத்தட்ட 69 மிஞ்சுகிறது, எடையோ 2.5 தான். நிம்மதி. அதே 100 மி.மீ. ஓட்டை 60 மீட்டர் ஆரத்துக்கு நீட்டினால் எல்லைச் சுமை 80, இருபதால் வகுத்தால் 4. சுய எடையும் லைவ் லோடும் சேர்ந்து 3.25 ஆகிவிட்ட நிலையில் இது கைக்கெட்டும் தூரம், அந்த டோமில் தடிமனை முடிவு செய்வது பக்ளிங்தான், தகைவு அல்ல.

அதனால் சென்டரிங் செய்யும்போதே வளைவை அளந்து பாருங்கள். இரண்டு மூன்று மீட்டர் நீளத்துக்கு ஒரு வளைவு அச்சுப்பலகை செய்து, கான்கிரீட் போடும் முன் பல இடங்களில் வைத்துப் பார்த்தால் தட்டையாகிப் போன இடம் தெரிந்துவிடும். தட்டையான இடத்தில் உள்ளூர் ஆரம் கூடுகிறது, சூத்திரத்தில் R வர்க்கமாகக் கீழே நிற்கிறது, ஆரம் ஒன்றரை மடங்கானால் அந்த இடத்தின் எல்லைச் சுமை பாதிக்கும் கீழே போய்விடும். சென்டரிங் பிரிக்கும்போது உச்சியில் தொடங்கி வளையம் வளையமாக விளிம்பை நோக்கிச் சமச்சீராக இறக்குங்கள். விளிம்பு முட்டுகளை முதலில் எடுத்தால், நடுவில் மிஞ்சும் முட்டுகள் ஓட்டை உச்சியில் தாங்கிப் பிடிக்கும், இந்தக் கணக்கில் எங்குமே இல்லாத வளைதிருப்பம் அங்கே வந்துவிடும்.